விடை சரியா வருது, ஆனாலும் "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்கிறாள். எங்கே தப்பு பண்றேன்?

பாலக்கோடு டீச்சர் | ஜூலை 3, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாவது முதல் எட்டாவது வரை கணக்கு எடுக்கிறேன். ஏழாவதில் ஒரு பெண். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள், பாட்டி வீட்டில் இருக்கிறாள். மூணாவதும் நாலாவதும் பாதி நாள் பள்ளிக்கு வரவில்லை. கடன் வாங்கிக் கழித்தல் அவளுக்கு வராது. ஏழாவதில் முழுக்கள் ஆரம்பித்தால் அங்கேயே நின்றுவிடுகிறாள்.

பி.எட்.டில் செல்ஃப் எஃபிகசி, அதாவது ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்கிற நம்பிக்கை பற்றிப் படித்தது ஞாபகம் வந்தது. குழந்தைக்கு வெற்றி அனுபவம் கொடு, நம்பிக்கை தானாக வளரும் என்று. அதனால் ஜூன் கடைசி இரண்டு வாரம் அவளுக்கென்று சுலபமான கணக்காகக் கொடுத்தேன். 47−23, 68−35 மாதிரி. எல்லாமே சரி. பக்கத்துக்குப் பக்கம் ஸ்டார், வெரிகுட். பிறகு மெதுவாக 52−38 மாதிரி கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து போட வைத்தேன். அதுவும் சரியாக வந்தது.

நேற்று கரும்பலகையில் 402−158 எழுதி வரச் சொன்னேன். சாக்பீஸைக் கையில் வாங்கவே இல்லை. "எனக்குக் கணக்கு வராது டீச்சர்." பதினைந்து நாளாக எல்லாம் சரியாகத்தானே போட்டாய் என்றேன். "அது நீங்க இருந்தீங்க" என்றாள்.

இரண்டு வார வெற்றி எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. நேரமிருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

அரூர் செந்தில் | ஜூலை 3, இரவு 9:48

டீச்சர், இது முழுக்க மனசு சம்பந்தப்பட்டது. நான் பத்தாவதுக்கு எடுக்கிறேன். வருஷா வருஷம் மெல்லக் கற்போர் பட்டியலில் இருபது பேர் வருவார்கள். முதல் வாரம் நான் பாடமே எடுக்க மாட்டேன். "உன்னால முடியும்"னு தினமும் சொல்வேன், சொல்ல வைப்பேன். ஒரு பையன் அப்படியே எழுந்து பாஸ் பண்ணிட்டான். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் தனியாப் பேசுங்க. அவள் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்குன்னு தெரியட்டும். மீதி தானா வரும்.

---

எண்கோலம் | ஜூலை 3, இரவு 10:05

நம்பிக்கை, மனசு எல்லாம் அப்புறம். கணக்கு தெரியல, அதனால பயம். தெரிஞ்சா பயம் போயிடும். தினம் 20 கழித்தல் வீதம் ஒரு மாசம் போட வையுங்க. கை பழகினா வாய் தானா மாறும்.

---

தக்காளி மண்டி | ஜூலை 4, காலை 5:20

வணக்கம்ங்க, நான் வாத்தியார் இல்லை. ராயக்கோட்டை பக்கம் விவசாயம். எம்பையனும் ஏழாவதுதான். தன்னம்பிக்கையே இல்லைங்க அவனுக்கு. நாலு பேர் முன்னாடி பேசச் சொன்னா தலையைக் குனிஞ்சுக்கறான். ஆனா மண்டியில பாருங்க, பெட்டி 340 ரூபாய்க்குப் போச்சுன்னா 12 பெட்டிக்கு எவ்வளவு, கமிஷன் போக எவ்வளவு, வண்டி வாடகை போக கையில எவ்வளவுன்னு வாயிலேயே சொல்லிடறான். பள்ளிக்கூடத்துல கணக்குல 22 மார்க்கு. இவனுக்கு ஏதாவது தன்னம்பிக்கை வகுப்பு இருந்தாச் சொல்லுங்க டீச்சர்.

---

மலையடிவாரம் | ஜூலை 4, இரவு 8:30

பாலக்கோடு டீச்சர், நான் கிருஷ்ணகிரியில் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். கழித்தல் தெரியாத பிள்ளைகளோடுதான் பல வருஷம் வேலை. பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி.

ஒன்று, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் 52−38 கொடுத்தால் என்ன விடை எழுதுகிறாள்? சரியா தப்பா என்று வேண்டாம், என்ன எண் எழுதுகிறாள் என்று பாருங்கள். இரண்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவள் பேனா எப்போது நிற்கிறது, அப்போது கண் எங்கே போகிறது?

தக்காளி மண்டி அண்ணா, உங்கள் பையனுக்கு வகுப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே பெரிய விஷயம் இருக்கிறது. பேச்சுக் கூச்சம் வேறு. கணக்கிலேயே பாருங்கள், மண்டிக் கணக்கு தன்னால் முடியும் என்று நம்புகிறான், நோட்டுக் கணக்கு முடியாது என்று நம்புகிறான். ஒரே பையன், ஒரே பெருக்கல். இந்த நம்பிக்கை ஆளுக்கு மொத்தமாக ஒன்று என்று இருப்பதில்லை, வேலைக்கு வேலை தனித்தனியாக இருக்கிறது. தன்னம்பிக்கை என்ற சொல்லில் இது மறைந்துவிடுகிறது. அதனால்தான் "உன்னால முடியும்" என்று பொதுவாகச் சொல்வது குறிப்பிட்ட கணக்கின் முன்னால் நிற்கும்போது உதவிக்கு வருவதில்லை.

---

பாலக்கோடு டீச்சர் | ஜூலை 5, இரவு 9:00

பார்த்தேன். நானே அதிர்ந்துவிட்டேன்.

தனியாக உட்கார வைத்து 52−38 கொடுத்தால் 26 எழுதுகிறாள். 70−46க்கு 36. 402−158க்கு 356. நான் பக்கத்தில் போய் நின்றதும் 26ஐ அழித்துவிட்டு 14 எழுதினாள்.

கண் எங்கே போகிறது என்றும் கவனித்தேன். ஒன்றாம் இடத்தில் பேனா நிற்கிறது, என் முகத்தைப் பார்க்கிறாள். நான் என்னை அறியாமல் பத்தாம் இடத்தைப் பார்க்கிறேன் போலிருக்கிறது. உடனே அங்கே அடித்துவிட்டு 4 போடுகிறாள். அத்தனை ஸ்டாரும் என் முகத்துக்குப் போட்ட ஸ்டார். "அது நீங்க இருந்தீங்க" என்று அவள் சொன்னது அப்படியே உண்மை.

---

எண்கோலம் | ஜூலை 5, இரவு 9:20

அதான் சொன்னேனே, கணக்கே தெரியல. பயிற்சி கொடுங்க.

---

மலையடிவாரம் | ஜூலை 5, இரவு 10:15

எண்கோலம் சார், 26, 36, 356 மூன்றையும் பாருங்கள். தெரியாமல் கண்டபடி எழுதிய விடைகளா இவை? ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறாள். 2லிருந்து 8 போகாது, அதனால் 8லிருந்து 2, ஆறு. அவளிடம் ஒரு முறை இருக்கிறது, அது தப்பான முறை. தினம் 20 கொடுத்தால் 20 தடவை அந்தத் தப்பைத்தான் பழகுவாள். மாதக் கடைசியில் 600 கணக்கு தப்பு. அப்போது "வராது" என்பது கல்லில் எழுதின மாதிரி ஆகிவிடும்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பாதி நூற்றுக்கு நூறு சரி. திறமை இல்லாமல் நம்பிக்கையை மட்டும் ஊற்ற முடியாது.

செந்தில் சார் சொன்னதும் பாதி சரி. நாம் நம்பும் ஒருவர் "உன்னால் முடியும்" என்றால் ஒரு தடவை முயன்று பார்ப்போம். அந்த வார்த்தைக்கு அவ்வளவுதான் பலம். முயன்றது தோற்றால் வார்த்தையும் போய்விடும், சொன்னவர் மேல் இருந்த மதிப்பும் குறையும்.

டீச்சருக்கு வருகிறேன். நீங்கள் பி.எட்.டில் படித்த செல்ஃப் எஃபிகசி கருத்தை 1977இல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா அப்போது பாம்புக்குப் பயப்படும் பெரியவர்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். நம்மூர் மாதிரி கரும்புக் காட்டில் பாம்பைப் பார்த்து வரும் பயம் இல்லை. பாம்பு என்ற நினைப்பே வேலையைக் கெடுக்கிற அளவுக்கு இருந்த பயம். அவர்களைப் படிப்படியாக, முதலில் சிகிச்சையாளர் பாம்பைப் பிடித்துக்கொள்ள, கையுறை போட்டுத் தொட வைத்து, பிறகு வெறுங்கையால் தொட வைத்து, பிடிக்க வைத்தார்கள். அதோடு விட்டால் சிலர், "அவர் பக்கத்தில் இருந்தார், அதனால் தொட்டேன்" என்று கணக்கு வைத்துக்கொள்ள இடம் இருந்தது. அதனால் உதவியை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கடைசியில் சிகிச்சையாளர் விலகிக்கொள்ள, அந்த ஆள் தானாகவே பாம்போடு கொஞ்ச நேரம் இருந்தார். அப்படித் தனியாகச் செய்து பார்த்தவர்களுக்கு நம்பிக்கை கூடுதலாக வந்தது.

உங்கள் பெண்ணுக்குக் கையுறை இன்னும் கழற்றவில்லை. 47−23இல் வந்த வெற்றியை அவள் "சின்னப் பிள்ளைங்க கணக்கு" என்று தள்ளிவிட்டாள். 52−38இல் வந்ததை உங்கள் பேரில் எழுதிவிட்டாள். அவள் பேரில் இதுவரை ஒன்றுகூட வரவாகவில்லை.

---

பென்னாகரம் ஓய்வு | ஜூலை 6, காலை 6:40

முப்பத்தொரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் இருந்தவன். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் வகுப்பறையில் ஏணி ஒன்று மாட்டியிருப்போம். பிள்ளை ஓர் அட்டையை முடித்தால் அடுத்த படிக்குத் தானே போகும். அதைக் குறை சொன்னவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். முதல் வகுப்புப் பிள்ளைகூடக் காலையில் வந்ததும் ஏணியருகே போய், தான் நேற்று எங்கே நின்றோம், இன்று எது என்று விரல் வைத்துப் பார்க்கும். ஆசிரியர் பாராட்டாவிட்டாலும் அதன் முகம் மலரும். இப்போது எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பிரிப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தான் அரும்பு என்று தெரிந்த பிள்ளைக்கு, மொட்டாக இன்னும் எத்தனை அட்டை என்று தெரிகிறதா?

---

மலையடிவாரம் | ஜூலை 6, இரவு 9:05

ஐயா சொன்னதற்கு நேராகவே ஓர் ஆய்வு இருக்கிறது. 1981இல் பண்டூராவும் டேல் ஷங்க்கும் செய்தது, அதுவும் கழித்தல்தான். 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள், கழித்தல் சுத்தமாக வராதவர்கள். 42 பக்கப் பாடம், 7 அமர்வு. சிலரிடம் ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். சிலரிடம் ஏழாவது அமர்வு முடியும்போது 42 பக்கமும் முடியட்டும் என்றார்கள். சிலரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாடம் எல்லாருக்கும் ஒன்றே. 6 பக்கம் என்று கேட்டவர்கள்தான் திறமையிலும் நம்பிக்கையிலும் கணக்கின் மேல் ஆசையிலும் முன்னால் போனார்கள். 42 என்ற தூரத்து இலக்கு கேட்டவர்களுக்கு அந்த இலக்கால் பலன் வரவில்லை. கிட்டத்தில் ஓர் எல்லை இருந்தால், தாண்டினோம் என்று பிள்ளையே பார்த்துக்கொள்ள முடிகிறது.

அதே ஆய்வில் நம்பிக்கையை அளந்த விதம் வகுப்புக்கு ரொம்ப உதவும். கணக்கை 2 விநாடி மட்டும் காட்டினார்கள். எந்த மாதிரிக் கணக்கு என்று தெரியும், போட்டுப் பார்க்க நேரம் போதாது. உடனே, இதைப் போட உன்னால் முடியும் என்று எவ்வளவு உறுதி என்று கேட்டார்கள்.

நான் இதற்குப் புளியங்கொட்டை வைத்துக்கொள்கிறேன். நம் பக்கம் எந்த வீட்டில் இல்லை? பத்துக் கொட்டை, ஒரு தீப்பெட்டி. கணக்கை இரண்டு விநாடி காட்டி மூடிவிடுவேன். எவ்வளவு உறுதியோ அத்தனை கொட்டையைப் பெட்டிக்குள் போடட்டும். பிறகு தனியாகக் கணக்கைப் போடட்டும். அதன் பிறகுதான் பெட்டியைத் திறப்போம். டீச்சரைச் சந்தோஷப்படுத்தவே பத்து வைக்கிற பிள்ளைகள் உண்டு, அதனால் நான் முன்னால் நின்று பார்ப்பதில்லை.

டீச்சர், 47−23, 52−38, 70−46, 432−157, 402−158, 1000−637 என்று ஆறு கணக்கை இப்படிக் காட்டிப் பாருங்கள். கொட்டை எங்கே சட்டென்று குறைகிறதோ அங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.

---

தளி மலர் | ஜூலை 7, மாலை 6:15

நான் தளி பக்கம் தற்காலிக ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு, மீதி கன்னடம். ஒரு சின்ன விஷயம் சொல்லலாமா? "கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுத்தபோது ஒரு பையன் கேட்டான், "டீச்சர், எப்பத் திருப்பித் தரணும்?" வீட்டில் குழுக் கடன் வாரத் தவணை பார்த்த பிள்ளை. அவன் உண்மையாகவே கடைசியில் எங்கேயோ ஒன்றைத் திருப்பிக் கூட்டிக்கொண்டிருந்தான்! ஒரு மாதம் எனக்குப் புரியவே இல்லை. இப்போது "சில்லறை மாத்து" என்றுதான் சொல்கிறேன். ஒரு பத்தை உடைத்தால் பத்து ஒன்று, மதிப்பு மாறவில்லை.

---

தக்காளி மண்டி | ஜூலை 7, இரவு 8:00

அப்படிச் சொன்னா எனக்கே புரியுதுங்க. 402 ரூபாயில 158 கொடுக்கணும்னா கையில நாலு நூறு நோட்டு, ரெண்டு ஒத்த ரூபாய். எட்டு ரூபாய் கொடுக்க முடியாது. பத்து ரூபாய் நோட்டும் இல்லை. ஒரு நூறை மாத்தினா பத்துப் பத்தா வரும், அதுல ஒரு பத்தை மறுபடி மாத்தணும். மூணு நூறு, ஒம்போது பத்து, பன்னெண்டு ரூபாய். எம்பையன்கிட்ட இன்னைக்கு நோட்டுல எழுதிக் காட்டினேன். "இதுதானா அது?"ன்னு கேட்டான். இத்தனை நாளா ரெண்டும் வேற வேறன்னு நினைச்சிருக்கான்ங்க.

---

பாலக்கோடு டீச்சர் | ஜூலை 8, இரவு 9:30

கொட்டை வைத்துப் பார்த்தேன். 47−23க்குப் பத்து. 52−38க்கு நாலு. 70−46க்கு மூணு. 432க்கு ஒன்று. கடைசி இரண்டுக்கும் பெட்டி காலி. ஆக 52−38லிருந்து ஆரம்பிக்கிறேன்.

செய்யப்போவது இது. முதல் இரண்டு நாள் விளக்குமாற்றுக் குச்சிக் கட்டு, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு. பிறகு குச்சி இல்லாமல் நோட்டில் கோடு, புள்ளி. பிறகு எண்ணுக்கு மேலே மாற்றியதை எழுத ஒரு சின்னக் கட்டம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. ஒவ்வொரு படியிலும் கடைசி மூன்று கணக்கு நான் வகுப்பில் இல்லாதபோது போட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு கணக்கு, அதற்கு மேல் இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். அவள் ஏழாவது. இது மூணாவது பாடம். அதை வெளிப்படையாகச் சொல்வதா? உடைந்துபோவாளோ என்று பயமாக இருக்கிறது.

---

அரூர் செந்தில் | ஜூலை 8, இரவு 9:55

சொல்லாதீங்க டீச்சர், தயவுசெஞ்சு. ஏற்கெனவே அப்பா அம்மா பக்கத்துல இல்லாத பிள்ளை. நல்லதை மட்டும் சொல்லுங்க.

---

மலையடிவாரம் | ஜூலை 8, இரவு 10:40

அவளுக்குத் தெரியும் செந்தில் சார். பக்கத்தில் இருப்பவள் முழுக்கள் போடுகிறாள், தனக்கு மட்டும் 47−23. பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இருப்பதில்லை. சுலபமான கணக்குக்கு டீச்சர் வாய் நிறையப் புகழ்ந்தால், "இவ்வளவுதான் என்னால முடியும்னு டீச்சர் நினைக்கறாங்க" என்று எடுத்துக்கொள்கிற வயது அது. ஜூனில் போட்ட ஸ்டார்கள் அப்படித்தான் வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் சொல்வது இப்படி இருக்கும்: "மூணாவதுல நீ வராத நாள்ல இந்தப் பாடம் போயிடுச்சு. அதனால இது உனக்குத் தெரியாது. நீ ஒரு முறை வெச்சிருக்க, அது 47−23க்கு வேலை செய்யும், 52−38க்குச் செய்யாது. ஏன்னு குச்சியில பார்க்கலாம்." இதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுடைய தகுதியைப் பற்றியும் ஒன்றும் இல்லை. விட்டுப்போனது எது, ஏன் விட்டுப்போனது என்பது மட்டும்தான்.

நோட்டைத் திருத்தும்போதும் இதே. வழியில் இன்னொரு தப்பு கட்டாயம் வரும், சொல்லி வைக்கிறேன். 402−158க்கு 344 எழுதுவாள். பூஜ்ஜியத்தை 9 ஆக்கிவிட்டு 4ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். அங்கே இன்ட்டு மட்டும் போட்டால் மொத்தமும் தப்பு என்று எடுத்துக்கொள்வாள். "நல்ல முயற்சி" என்று எழுதினால் என்ன செய்வது என்று தெரியாது. "ஒன்றாம் இடம் சரி, பத்தாம் இடம் சரி. பத்துக்கு ஒன்பது எங்கேயிருந்து வந்தது? அதைக் கொடுத்தவரிடம் இப்போது எத்தனை இருக்கிறது?" என்று எழுதுங்கள்.

உழைப்பைப் பற்றிச் சொல்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஷங்க் பிறகு கழித்தலிலேயே பார்த்தது: முடித்த வேலையைக் காட்டி "நல்லா உழைச்சுப் போட்டிருக்க" என்று கேட்ட பிள்ளைகளுக்கு நம்பிக்கை கூடியது. "நீ இன்னும் நல்லா உழைக்கணும்" என்று கேட்டவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. நாம் தினமும் சொல்வது இரண்டாவதைத்தான்.

எல்லாவற்றுக்கும் மேல், சரிபார்க்கச் சொல்லிக் கொடுங்கள். விடையோடு கழித்த எண்ணைக் கூட்டட்டும். 344ஓடு 158 கூட்டினால் 502, 402 வரவில்லை. அப்போது உங்கள் முகம் தேவையில்லை.

---

எண்கோலம் | ஜூலை 9, காலை 7:00

கூட்டிச் சரிபார்க்கறது நல்ல யோசனை. ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். இவ்வளவும் செஞ்சு அந்தப் பொண்ணு கணக்குப் போட்டா, அது நம்பிக்கையால வந்ததா, குச்சி வெச்சு ஒழுங்காச் சொல்லிக் கொடுத்ததால வந்ததா? எப்படிப் பிரிச்சுச் சொல்வீங்க?

---

மலையடிவாரம் | ஜூலை 9, இரவு 8:20

ஒரு பிள்ளையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது சார். திறமை கூடினால் நம்பிக்கை கூடுகிறது, நம்பிக்கை இருந்தால் கஷ்டமான கணக்கை விடாமல் பிடிக்கிறார்கள், அதனால் திறமை கூடுகிறது. எது முதலில், எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. நான் பார்க்கிற அடையாளம் ஒன்றுதான். தப்பு வந்த பிறகு பேனாவைக் கீழே வைக்கிறாளா, மறுபடி முதல் வரிக்குப் போகிறாளா?

---

பாலக்கோடு டீச்சர் | ஜூலை 29, இரவு 9:15

மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதல் நாள் மூணாவது பாடம் விட்டுப்போனதைச் சொன்னேன். உடையவில்லை. "அப்ப நான் மக்கு இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

குச்சியில் இரண்டு நாள் என்று நினைத்தேன், நாலு நாள் ஆனது. கட்டைப் பிரிக்க அவளுக்கு மனசே வரவில்லை. பிரித்தால் குறைந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். தளி மலர் சொன்ன சில்லறை அங்கேதான் உதவியது. சின்னக் கட்டம் வரை வந்தபோது திரும்பவும் 26 எழுத ஆரம்பித்தாள். ஒரு படி கீழே இறங்கினோம். அவசரப்பட்டிருந்தால் அங்கேயே போயிருக்கும்.

402−158க்கு மலையடிவாரம் சொன்ன மாதிரியே 344. நோட்டில் கேள்வியை எழுதிவிட்டு நான் எட்டாவதுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் 4ஐ அடித்து 3 போட்டு, விடை 244, பக்கத்தில் கூட்டிப் பார்த்து 402. அன்றைக்கு அதே மாதிரிக் கணக்குக்குப் பெட்டியில் ஏழு கொட்டை.

போன வெள்ளிக்கிழமை 1000−637. மூன்று கொட்டைதான் வைத்தாள். அரை மணி நேரம் கழித்து எட்டாவது வகுப்பு வாசலில் நிற்கிறாள். "டீச்சர், 473 வருது. ஆனா கூட்டினா 1110 வருது. 1000 வரல. எங்கேயோ நான் ரெண்டு தடவை சில்லறை மாத்திட்டேன்." எல்லா இடத்திலும் பத்து போட்டிருந்தாள். நான் சொல்லவில்லை, அவளே போய்த் திருத்தினாள். 363.

இன்னும் கரும்பலகைக்கு வருவதில்லை. முழுக்களும் இன்னும் தொடவில்லை.

ஆனால் அதே வகுப்பில் ஒரு பையனிடம் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். ஆறு கணக்குக்கும் பத்துப் பத்துக் கொட்டை வைத்தான். முதல் கணக்கைத் தவிர ஐந்தும் தப்பு, அவள் செய்த அதே தப்பு. கூட்டிச் சரிபார்க்கச் சொன்னேன். பார்த்தான், முகம் விழுந்துவிட்டது. மறுநாள் எல்லாவற்றுக்கும் இரண்டு கொட்டை. அதற்கு அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை.

---

அரூர் செந்தில் | ஜூலை 29, இரவு 9:40

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் சொன்னதைச் செய்யாமல் விட்டது நல்லதாப் போச்சு. ஆனா அந்தப் பையன் விஷயத்துல நான் பயந்ததுதான் நடந்திருக்கு. அவனுக்கு இருந்த தைரியத்தையாவது விட்டு வெச்சிருக்கலாம்.

---

பென்னாகரம் ஓய்வு | ஜூலை 30, காலை 6:15

அந்தத் தைரியம் தேர்வு வரைதான் நிற்கும் தம்பி. என்றைக்காவது விழத்தான் வேண்டும். ஆனால் ஆறு கணக்கில் ஐந்து தப்பு என்று ஒரே நாளில் பிள்ளைக்குக் காட்டியிருக்க வேண்டியதில்லை. ஒன்றைக் காட்டி, அதை அன்றே அவன் கையால் சரியாக்கி, அதன் பிறகு வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

---

மலையடிவாரம் | ஜூலை 30, இரவு 9:50

ஐயா சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. நான்தான் ஆறையும் ஒன்றாகக் காட்டச் சொன்னேன், அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு. தயங்குகிற பிள்ளைக்கு அது தாங்கியது. நிச்சயமாக இருக்கிற பிள்ளைக்கு ஒரே அடியில் எல்லாம் போய்விட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கொட்டையை எப்போது வைப்பது என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. வேறு யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

டீச்சர், அவன் வந்ததும் கொட்டைப் பெட்டியை எடுக்காதீர்கள். 52−38 ஒன்று மட்டும், குச்சியோடு. முடிந்தால் அந்தப் பெண்ணையே பக்கத்தில் உட்கார வையுங்கள். தானும் 26 எழுதியவள் என்று அவள் வாயால் அவன் கேட்கட்டும். டீச்சர் போட்டுக் காட்டுவதைவிட, கூடப் படிக்கிற பிள்ளை போடுவதைப் பார்க்கும்போது "என்னாலும் முடியும்" என்பது கூடுதலாக வருகிறது.

---

பாலக்கோடு டீச்சர் | ஜூலை 31, மாலை 5:50

இன்று வந்தான். அவளைக் கேட்டேன். "நான் சொல்லித் தர மாட்டேன் டீச்சர், குச்சி மட்டும் எடுத்துத் தரேன்" என்றாள். இருவரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் போகவில்லை. நாலு மணி பெல் அடித்தபோதும் கட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். விடை என்ன வந்தது என்று நாளைக்குத்தான் பார்க்க வேண்டும்.